கோல்டன் ரூல்னா என்ன? ஒரு நரி, ஒரு கொக்கு, நாலு கட்டம் போட்ட ஒரு பேப்பர்

ரெண்டாம் வகுப்பு பசங்களுக்கு கோல்டன் ரூல் சொல்லிக் கொடுத்த முதல் வருஷம் நான் ஒரு சார்ட் எழுதி செவுத்துல ஒட்டினேன், "உன்னை எப்படி நடத்தணும்னு நினைக்கிறியோ அப்படியே மத்தவங்கள நடத்து", நல்ல கலர் கலரா. மூணு நாள் கழிச்சு ஒருத்தன் இன்னொருத்தனோட பென்சில நடுவுல உடைச்சுட்டான். ஏன்டா இப்படின்னு கேட்டா நேரா சார்ட்ட கை காட்டுறான். "மிஸ், அவன் என்னுத உடைச்சான், நான் அவனுத உடைச்சேன், அதுதான மிஸ் எழுதியிருக்கு."

அதுல அப்படி எழுதல. ஆனா அவன் படிச்சது அப்படித்தான், யோசிச்சுப் பாத்தா பெரியவங்க நிறைய பேரும் அப்படித்தான் படிக்கிறாங்க. இன்னொரு கூட்டம் இதை "செஞ்சது திரும்ப வரும்"னு புரிஞ்சுக்குது. ரெண்டுமே கோல்டன் ரூல் இல்ல. தமிழ்ல பொன்விதின்னு சொல்ற இந்த ஒரு வரிய சின்னப் பசங்களுக்கு ஒரு கதை, ஒரு ட்ராயிங் வெச்சு எப்படி சொல்றதுன்னு இங்க எழுதுறேன், கூடவே இது உள்ளுக்குள்ள எப்படி வேலை செய்யுதுங்கறதும்.

## ஒண்ணு மாதிரியே தெரியற மூணு விஷயம்

இந்தக் குழப்பத்தை தீக்க நல்ல இடம் நம்ம கையிலயே இருக்கு, திருக்குறள்ல 32வது அதிகாரம், இன்னா செய்யாமை. பத்து குறளும் அடுத்தவங்களுக்கு கெடுதல் பண்ணாத பத்திதான், ஆனா உத்துப் பாத்தா ஒவ்வொண்ணும் வேற வேற காரணம் சொல்லுது.

316வது குறள் பாருங்க.

"இன்னா எனத்தான் உணர்ந்தவை துன்னாமை
வேண்டும் பிறன்கண் செயல்."

எது எனக்கு வலிக்குதுன்னு நானே பட்டு உணர்ந்தேனோ அதை இன்னொருத்தர்கிட்ட செய்யக் கூடாது. இது பொன்விதி, சுத்தமான பொன்விதி. இதுல தண்டனை கிடையாது, பரிசு கிடையாது, அவன் எனக்கு முன்னாடி என்ன பண்ணான்ங்கற பேச்சே கிடையாது. என் வலி எனக்குத் தெரியும், அதை வெச்சு அவன் வலிய கணக்குப் போடுறேன், அவ்ளோதான்.

மூணு குறள் தள்ளி 319. காலைல அடுத்தவனுக்கு கெடுதல் பண்ணா சாயங்காலம் அது தானா உன்ட்ட வரும்ங்குது. இது வேற விஷயம், இதுக்கு பேரு விளைவு, அதாவது செஞ்சதோட பலன் செஞ்சவனுக்கே திரும்புறது. ஒருத்தன் அடுத்தவன் வலிய பத்தி ஒரு செகண்ட் கூட யோசிக்காம தனக்கு அடி விழும்னு பயந்து மட்டும் ஒழுங்கா இருக்கலாம் இல்லையா, 319 அவனையும் சேத்து தடுக்குது. ஆனா 316ல இருக்கறது அந்தப் பயம் இல்ல.

கொஞ்சம் முன்னாடி 314, எல்லாருக்கும் தெரிஞ்சது. கெடுதல் பண்ணவன தண்டிக்கற வழி அவன் வெக்கப்படற மாதிரி நல்லது பண்ணி விட்டுடறது. இது பென்சில் உடைச்ச கேஸுக்கான பதில், ஏற்கனவே ஒருத்தன் தப்பு பண்ணதுக்கு அப்புறம் நாம என்ன பண்ணணும்ங்கற கேள்வி. அதுக்கு "பழிக்குப் பழி"ன்னு ஒரு பதில் இருக்கு, அவன் எனக்கு பண்ண அதே அளவு நான் அவனுக்கு பண்றது. 314 அதுக்கு நேர் எதிர் பதில் சொல்லுது. நம்ம பையன் சார்ட்ல பொன்விதிய படிச்சுட்டு பழிக்குப் பழிய எடுத்துக்கிட்டான்.

இதுவரைக்கும் சொன்னத சுருக்கமா பாத்தா, பழிக்குப் பழி நேத்து என்ன நடந்ததுன்னு பாக்குது, விளைவு நாளைக்கு எனக்கு என்ன ஆகும்னு பாக்குது, பொன்விதி இப்ப எதிர்ல நிக்கறவன் இடத்துல நான் இருந்தா எப்படி இருக்கும்னு பாக்குது. பசங்ககிட்ட இத நேத்து, நாளைக்கு, இப்போ அப்படின்னு மூணு விரல காட்டி சொன்னா பிடிச்சுக்கறாங்க.

## ஒத்தக் கால்ல நின்னவன் கேட்ட கேள்வி

பொன்விதி பல மரபுகள்ல இருக்குன்னு சொல்லும்போது வழக்கமா ஒரு போஸ்டர்ல பத்து பன்னெண்டு மதத்தோட வரிய வட்டமா போட்டு நடுவுல பூமி உருண்டைய வெப்பாங்க. அழகாத்தான் இருக்கும், ஆனா ஏழு வயசுப் பிள்ளைக்கு பன்னெண்டு வரி பன்னெண்டு வரியாத்தான் போகும். நான் ரெண்டு கதையும் ரெண்டு மூணு வரியும் மட்டும்தான் எடுத்துக்கறேன்.

முதல் கதை யூத மரபுல, தல்மூத்ங்கற நூல்ல வர்றது. ஒருத்தன் ஷம்மாய்ங்கற அறிஞர்கிட்ட போய், நான் ஒத்தக் கால்ல நிக்கற நேரத்துக்குள்ள உங்க வேதம் முழுசையும் சொல்லிக் கொடுங்க, நான் உங்க மதத்துல சேந்துக்கறேன்னு சொல்றான். ஷம்மாய் கையில இருந்த அளவுகோலால அவன விரட்டி விட்டுடறாரு. அதே ஆளு ஹில்லேல்ங்கற இன்னொரு அறிஞர்கிட்ட போறான், அதே கேள்வி. ஹில்லேல் சொல்றாரு, உனக்கு எது வெறுப்பா இருக்கோ அதை உன் கூட இருக்கறவனுக்கு செய்யாத, வேதம் முழுக்க இதுதான், மிச்சம் எல்லாம் இதுக்கு விளக்கம், போய்ப் படி.

அந்தக் கடைசி ரெண்டு வார்த்தைய நிறைய பேர் விட்டுடறாங்க, "போய்ப் படி". எனக்கு அதுதான் முக்கியம்னு தோணும். வரிய ஒத்தக் கால்ல நின்னு கேட்டுடலாம், ஆனா அடுத்தவனுக்கு எது வெறுப்பா இருக்கும்னு கண்டுபிடிக்கறதுக்கு ரெண்டு காலும் வேணும். வகுப்புல இத சொல்லும்போது எல்லாரையும் ஒத்தக் கால்ல நிக்க வெச்சுட்டு சொல்லுவேன், கதை முடியறதுக்குள்ள பாதிப் பேர் சாஞ்சுடுவாங்க, பயங்கர சிரிப்பா இருக்கும். கொக்கும் ஒத்தக் கால்ல நிக்கும் மிஸ்னு ஒருத்தி சொன்னா, அதுல இருந்துதான் பின்னாடி வர்ற நரி கொக்கு கதைய இதோட சேத்தேன்.

ரெண்டாவது கதை சீன ஞானி கன்ஃபூசியஸ் பத்தினது. அவர் கி.மு. 551ல பிறந்து 479ல இறந்தவர்னு சொல்வாங்க. ஸிகோங்னு ஒரு சீடர் கேக்கறாரு, வாழ்நாள் முழுக்க கடைப்பிடிக்கற மாதிரி ஒரே ஒரு சொல் இருக்கா? அவர் சொன்ன சொல் "ஷு". உனக்கு வேணாங்கறத மத்தவங்க மேல திணிக்காதன்னு அதுக்கு விளக்கமும் கொடுக்கறாரு. அந்த ஷுங்கற சீன எழுத்து ரெண்டு பகுதியா இருக்கும், மேல "போல", கீழ "மனசு". மனசைப் போல மனசு, அப்படி வெச்சுக்கலாம். இதே ஸிகோங் இன்னொரு இடத்துல வந்து, மத்தவங்க எனக்கு எதைப் பண்ணக் கூடாதுன்னு நினைக்கறேனோ அதை நானும் அவங்களுக்குப் பண்ணக் கூடாதுன்னு இருக்கேன்னு பெருமையா சொல்றாரு. குரு சொல்ற பதில், அந்த அளவுக்கு நீ இன்னும் வரல. படிப்புல கெட்டிக்கார சீடருக்கே இதுதான் பதில்னா நம்ம ரெண்டாம் வகுப்பு பென்சில்காரன் மேல ரொம்பக் கோவப்பட வேண்டியதில்ல.

புத்த மரபுல தம்மபதத்தோட 129வது பாட்டு, அடிக்கு எல்லாரும் நடுங்கறாங்க, சாவுக்கு எல்லாரும் பயப்படறாங்க, அதனால தன்னையே உவமையா வெச்சுப் பாத்து கொல்லாத, கொல்ல வைக்காதன்னு போகுது. "தன்னையே உவமையா வெச்சு"ங்கறத குறிச்சு வெச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல தேவைப்படும்.

இதெல்லாம் "செய்யாத"ன்னு முடியற வரிகள். இதுக்கு எதிர்மறை வடிவம்னு பேரு, கெடுதல நிறுத்தச் சொல்றது. பைபிள்ல மத்தேயு 7:12 வேற மாதிரி, மனுஷங்க உங்களுக்கு எதைச் செய்யணும்னு விரும்புறீங்களோ அதை நீங்க அவங்களுக்குச் செய்யுங்க. இது நேர்மறை வடிவம், நல்லதச் செய்யச் சொல்றது. இஸ்லாத்துல புகாரி, முஸ்லிம்னு பேர் உள்ள ரெண்டு நபிமொழித் தொகுப்புலயும் வர்ற ஒண்ணு, தனக்கு விரும்புறத தன் சகோதரனுக்கும் விரும்பாத வரைக்கும் உங்கள்ல ஒருத்தர் முழுசா நம்பிக்கை கொண்டவர் ஆகமாட்டார்ங்குது. இது செயலுக்கும் முன்னாடி போய் விருப்பத்துலயே கை வைக்குது.

எதிர்மறை வடிவம் கீழ் படி, நேர்மறை வடிவம் மேல் படின்னு ரொம்ப நாளா ஒரு சண்டை ஓடுது. சின்னப் பசங்களோட வேலை செய்யறவளா எனக்கு அதுல உடன்பாடு இல்ல. எதிர்மறை வடிவம் பாதுகாப்பானது, ஏன்னா வலி ஓரளவுக்கு எல்லாருக்கும் ஒண்ணுதான், கிள்ளினா எல்லாருக்கும் வலிக்கும். விருப்பம் அப்படி இல்ல. நேர்மறை வடிவத்துல ஒரு பெரிய பள்ளம் இருக்கு, நரி விழுந்தது அதுலதான்.

அதுக்கு முன்னாடி இன்னொண்ணு. எல்லா மரபும் ஒண்ணையேதான் சொல்லுதுன்னு அந்தப் போஸ்டர் சொல்றது பாதி உண்மை. பொன்விதில ஒத்துப் போறாங்க, பக்கத்து வீட்டு விதில ஒத்துப் போறதில்ல. கெடுதலுக்கு நல்லது பண்ணணுமான்னு கன்ஃபூசியஸ்கிட்ட கேட்டப்போ, அப்ப நல்லதுக்கு என்ன பண்ணுவீங்கன்னு திருப்பிக் கேட்டு, கெடுதலுக்கு நேர்மைய கொடு, நல்லதுக்கு நல்லதக் கொடுன்னு சொல்லிட்டாரு. 314வது குறளோட இது மோதுது. பசங்களுக்கு இது தேவையில்ல, சொல்லிக் கொடுக்கறவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா நல்லது.

## நரியும் கொக்கும், மூணு தடவை

இது ஈசாப் கதைன்னு வழங்குறது. நரி கொக்கை விருந்துக்குக் கூப்பிடுது, தட்டையான தட்டுல சூப் ஊத்தி வெக்குது. நரி நக்கி நக்கிக் குடிச்சுடுது, நீள அலகு வெச்ச கொக்கால ஒரு வாய் கூட முடியல. அடுத்த தடவை கொக்கு நரியக் கூப்பிடுது, ஒடுக்கமான கழுத்து வெச்ச ஜாடில வெக்குது. கொக்கு அலகை விட்டு சாப்பிடுது, நரி ஜாடி வாய நக்கிட்டுப் பட்டினியா வீட்டுக்குப் போகுது.

இந்தக் கதைய பொன்விதிக்கு உதாரணமா போடுறத நான் நிறைய பாத்திருக்கேன், கடைசில "நம்மை எப்படி நடத்தணுமோ அப்படியே மத்தவங்கள நடத்தணும்"னு ஒரு வரி வேற இருக்கும். ஆனா கொக்கு பண்ணது என்ன? அப்பட்டமா பழிக்குப் பழி. கதையக் கேட்ட பசங்க கொக்கு பண்ணதுக்குத்தான் கை தட்டுவாங்க, நீங்க வேணா சொல்லிப் பாருங்க. அப்புறம் பென்சில் உடையாம என்ன பண்ணும்.

அதனால கதைய மாத்த வேணாம், மூணு தடவை சொல்லுங்க. முதல் தடவை இருக்கற மாதிரியே சொல்லிட்டு, "ரெண்டு விருந்து நடந்துச்சு, எத்தனை பேர் வயிறு நிறைஞ்சு வீட்டுக்குப் போனாங்க?"ன்னு மட்டும் கேளுங்க. விருந்துக்குப் போனவங்க யாரும் இல்லன்னு அவங்களே கண்டுபிடிப்பாங்க.

ரெண்டாவது தடவை நரிய நல்ல நரியா ஆக்குங்க. இதுக்கு கிண்டல் எண்ணமே கிடையாது, கொக்கு மேல ரொம்பப் பாசம், வீட்லயே அழகான தட்டு எதுவோ அதைத் தேடி எடுத்து தொடச்சு, தனக்கு யாராவது வெச்சா எவ்வளவு சந்தோஷமா இருக்கும்னு நினைச்சுக்கிட்டே சூப்ப ஊத்துது. சார்ட்ல எழுதியிருக்கற விதிய எழுத்துப் பிசகாம செய்யுது. கொக்கு பட்டினி.

இங்க வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாயிடும். நரி கெட்டது இல்லயே, அப்புறம் ஏன் தப்பாச்சு?

இங்க அவங்க கையாலேயே செஞ்சு பாக்க விடுறது நல்லது. ஒரு தட்டுல மெல்லிசா, அடி நனையற அளவுக்கு தண்ணி ஊத்தி வெச்சு, ரெண்டு நீளப் பென்சில ஒரே கைல அலகு மாதிரி பிடிச்சு தண்ணிய எடுக்கச் சொல்லுங்க. நுனில ஒரு சொட்டு ஒட்டும், தூக்கறதுக்குள்ள அதுவும் விழுந்துடும். அப்புறம் கைய முஷ்டியா மூடிக்கிட்டு, அதான் நரி முகம், ஒரு வாட்டர் பாட்டில் வாய்க்குள்ள விடச் சொல்லுங்க. உள்ளயே போகாது. கதைல கேட்டத விட இந்த ரெண்டு நிமிஷம் அவங்க மனசுல நிக்கும். ஒரு பையன் அஞ்சாறு தடவை முயற்சி பண்ணிட்டு பென்சிலக் கீழ போட்டுட்டு, "கொக்கு பாவம் மிஸ், அது சொல்லக் கூட இல்ல"ன்னான்.

மூணாவது தடவை கதைய அவங்க சொல்லணும். நரி விருந்துக்கு முன்னாடி கொக்கோட அலகைப் பாக்குது. அப்புறம்?

## உள்ள நடக்கற கணக்கு

இப்போ மெக்கானிசத்துக்கு வருவோம். இங்கிலீஷ்ல கோல்டன் ரூல்ங்கற பேரு ஒரு காலத்துல கணக்குப் பாடத்துலயும் இருந்துச்சு, மூணு எண் தெரிஞ்சா நாலாவதக் கண்டுபிடிக்கற விதிக்கு அப்படி ஒரு பேரு. 3 பேருக்கு 6 பென்சில்னா 5 பேருக்கு எத்தனை, 10. ரெண்டுக்கும் ஒரே பேரு வந்தது தற்செயல்தான், ஆனா எனக்கு இது ரொம்ப வசதியா அமைஞ்சுடுச்சு, ஏன்னா பொன்விதி வேலை செய்யறதும் இந்தக் கணக்கு மாதிரியேதான்.

நரிக்கு தட்டு எப்படியோ, கொக்குக்கு எது அப்படி?

மூணு விஷயம் கைல இருக்கு, நரி, தட்டு, கொக்கு. நாலாவதக் கண்டுபிடிக்கணும். நல்ல நரி என்ன பண்ணுச்சுன்னா நாலாவது கட்டத்துலயும் தட்டையே எழுதிடுச்சு. 3 பேருக்கு 6னா 5 பேருக்கும் 6தான்னு எழுதற மாதிரி. கெட்ட மனசு இல்ல, கணக்கு தப்பு. ஜாடின்னு எழுதியிருந்தா சரியா வந்திருக்கும்.

தம்மபதத்துல வர்ற "தன்னையே உவமையா வெச்சு"ங்கறதையும் நான் இப்படித்தான் படிக்கிறேன். முகம் நிலா மாதிரின்னா முகமும் நிலாவும் ஒண்ணுன்னு அர்த்தம் இல்ல, எதுல ஒத்துப் போகுதுன்னு பாக்கணும். அதே மாதிரி நானும் அவனும் எதுல ஒண்ணு? ரெண்டு பேருக்கும் பசிக்கும், பசி ஆறினா சந்தோஷமா இருக்கும். எதுல வேற? வாய். பசிய எனக்குள்ள இருந்து எடுத்துக்கணும், வாய அவன்கிட்ட இருந்து எடுத்துக்கணும்.

இந்த வேலைக்கு இடம் மாத்திப் பாக்கறதுன்னு பேரு வெச்சுக்கலாம், இன்னொருத்தர் நிக்கற இடத்துல இருந்து, அவரோட உடம்பு, அவரோட விருப்பம் எல்லாத்தோடயும் பாக்கறது. இதுல பாதி தூரம் மட்டும் போறதுதான் வழக்கமான தப்பு. கொக்கு இடத்துக்குப் போறோம், ஆனா நம்ம நரி வாயையும் கூடவே எடுத்துட்டுப் போயிடறோம். பெர்னார்ட் ஷா 1903ல கிண்டலா எழுதினது இதைத்தான், மத்தவங்க உனக்குச் செய்யணும்னு நீ நினைக்கறத நீ அவங்களுக்குச் செய்யாத, அவங்க ரசனை வேறயா இருக்கலாம்னு.

இது குழந்தைங்களுக்கு முடியுமான்னு கேட்டா, முடியறதுக்கான அடையாளம் ரொம்பச் சீக்கிரமே தெரியுது. 1997ல பெட்டி ரெபாகோலி, ஆலிசன் கோப்னிக்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் கைக்குழந்தைங்க முன்னாடி ரெண்டு கிண்ணம் வெச்சாங்க, ஒண்ணுல பிஸ்கட், ஒண்ணுல பச்சை ப்ரோக்கோலி. குழந்தைங்களுக்குப் பிஸ்கட்தான் பிடிச்சுது. ஆராய்ச்சி பண்றவங்க சில குழந்தைங்க முன்னாடி ப்ரோக்கோலிய சாப்பிட்டு ஆஹான்னு முகத்த வெச்சுக்கிட்டு, பிஸ்கட்ட சாப்பிட்டு உவ்வேன்னு முகம் சுளிச்சுட்டு, எனக்குக் கொஞ்சம் கொடுன்னு கைய நீட்டினாங்க. 14 மாசக் குழந்தைங்க பெரும்பாலும் பிஸ்கட்டையே கொடுத்துச்சு, அதாவது நல்ல நரி. 18 மாசக் குழந்தைங்க ப்ரோக்கோலிய எடுத்துக் கொடுத்துச்சு. ஒரு ஆய்வ வெச்சு ஓவரா பேச வேணாம், ஆனா கைய நீட்டறவங்க முகத்தப் பாத்துட்டு கொடுக்கறதுங்கறது இதுல கண்ணு முன்னாடி தெரியுது.

சரி, இதுவரைக்கும்: பொன்விதிங்கறது எனக்குப் பிடிச்சத அப்படியே தூக்கி அவனுக்குக் கொடுக்கறது இல்ல, எனக்குப் பிடிச்சது கிடைச்சா எனக்கு எப்படி இருக்குமோ அப்படி அவனுக்கு இருக்கணும்னா எதைக் கொடுக்கணும்னு கண்டுபிடிக்கறது.

## ட்ராயிங்

ஒரு ஏ4 பேப்பர ரெண்டு தடவை மடிச்சுப் பிரிச்சா நாலு கட்டம் வரும். மேல இடது பக்கம் நரி, மேல வலது பக்கம் தட்டு. கீழ இடது பக்கம் கொக்கு, கீழ வலது பக்கம் காலி. அந்தக் காலிக் கட்டத்த நிரப்பறதுதான் டாஸ்க். மொத்தம் நாப்பது நிமிஷம் இருந்தா கதைக்கு பதினஞ்சு, மிச்சம் படத்துக்கு. கொக்கு வரையும்போது அலகை மட்டும் பெருசா வரையச் சொல்லுங்க, மத்தது எப்படி இருந்தாலும் பரவால்ல. அலகு சின்னதா போயிட்டா நாலாவது கட்டம் எதுக்குன்னே மறந்துடறாங்க.

நாலாவது கட்டத்துல ஜாடிதான் வரணும்னு இல்ல. ஆழமான டம்ளர் வரையலாம், வாளி வரையலாம், ஒருத்தி ஒரு குட்டைய வரைஞ்சு மீனோட விட்டுட்டா, கொக்குக்கு அதைவிட நல்ல விருந்து வேற என்ன. நான் படத்தப் பாத்து மார்க் போட மாட்டேன், பக்கத்துல உக்காந்து ஒரே ஒரு கேள்வி கேப்பேன், "ஏன் இத வரைஞ்ச?"

பதில் மூணு மாதிரி வரும், முன்னாடி சொன்ன மூணு விஷயத்துல ரெண்டு இங்கயும் திரும்ப வரும். "கொக்குக்கு மூக்கு நீளம் மிஸ்"னு சொன்னா பிடிச்சுக்கிட்டாங்க. "இல்லன்னா கொக்கும் அப்புறம் இதுக்கு அப்படியே பண்ணும்"னா அவங்க இன்னும் விளைவுல நிக்கறாங்க, தப்பு இல்ல, 319 வரைக்கும் வந்தாச்சு, திரும்பவும் பென்சில் அலகக் கொடுத்து தண்ணி எடுக்க விடுங்க. "நீங்கதான மிஸ் ஜாடின்னு சொன்னீங்க"ன்னா அது என் தப்பு, எங்கயோ விடைய வாய் தவறி சொல்லிட்டேன்.

இன்னொண்ணு கவனிக்க வேண்டியது, சிலர் நாலு கட்டத்துலயும் எல்லாருக்கும் சிரிச்ச முகம் வரைஞ்சுடுவாங்க, கொக்கு காலித் தட்டு முன்னாடி ஈன்னு சிரிச்சுட்டு நிக்கும். சோகமா வரைஞ்சா மிஸ்ஸுக்குப் பிடிக்காதுன்னு நினைச்சுக்கறாங்களோ என்னமோ. அப்ப அந்தக் கொக்கு என்ன சொல்லும்னு ஒரு பேச்சு வட்டம் போட்டு எழுதச் சொல்லுங்க, முகம் தானா மாறும்.

## பேப்பரத் திருப்பினா

பின்பக்கமும் அதே நாலு கட்டம். இப்ப நரிக்குப் பதில் "நான்". தட்டுக்குப் பதில் எனக்கு யாராவது பண்ணா ரொம்பப் பிடிக்கற ஒண்ணு. கொக்குக்குப் பதில் பக்கத்துல உக்காந்திருக்கறவங்க. நாலாவது கட்டம் காலி.

ஒரு பொண்ணு, கொஞ்சம் கலகலப்பான பொண்ணு, ரெண்டாவது கட்டத்துல எல்லாரும் எழுந்து நின்னு தனக்குக் கை தட்டற மாதிரி வரைஞ்சா. மூணாவதுல பக்கத்துப் பையன வரைஞ்சா, அவன் வாயத் திறந்து பேசவே ரெண்டு மாசம் ஆச்சு. நாலாவதுல யோசிக்காம அவனுக்கும் ஒரு கை தட்டற கூட்டத்த வரைய ஆரம்பிச்சுட்டா. நான் ஒண்ணும் சொல்லல. அவன் எட்டிப் பாத்துட்டு கைய வெச்சு அந்தக் கட்டத்த மூடிட்டான், மூடிட்டு அவளையே பாத்துட்டு இருக்கான். அவ முதல்ல கோவப்பட்டா, அப்புறம் "உனக்கு சத்தம் பிடிக்காதா?"ன்னு கேட்டா. தலைய ஆட்டினான். "அப்ப என்ன வேணும்?" அவன் ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, "யாரும் பாக்காதப்ப ஒரு கார்டு"ன்னான். அழிரப்பர் தேடி எடுத்து கூட்டம் முழுக்க அழிச்சா, பேப்பர் கொஞ்சம் கிழிஞ்சுடுச்சு.

கொக்கு விஷயத்துல அலகு கண்ணுக்குத் தெரியும். மனுஷங்க விஷயத்துல அலகு உள்ள இருக்கு. அதனால பின்பக்கத்துக்கு மட்டும் ஒரு எக்ஸ்ட்ரா ரூல் வெச்சிருக்கேன், நாலாவது கட்டத்த வரையறதுக்கு முன்னாடி கேட்டுடணும்.

## இதால முடியாதது ஒண்ணு

ரெண்டு பேருக்கு நடுவுல இந்த விதி நல்லா வேலை செய்யும், மூணாவது ஆள் வந்தா கவனமா இருக்கணும். டெஸ்ட்ல ஒருத்தன் பேப்பரக் காட்டச் சொல்றான், "நான் உன் இடத்துல இருந்தா காட்டுவேன்ல"ங்கறான். அவங்க ரெண்டு பேர மட்டும் வெச்சுப் பாத்தா சரியாத்தான் இருக்கு. 1785ல தத்துவ அறிஞர் கான்ட்டும் கிட்டத்தட்ட இந்த ஓட்டையத்தான் சொன்னாரு, இப்படிப் பாத்தா குற்றவாளி கூட ஜட்ஜ்கிட்ட, நீங்க என் இடத்துல இருந்தா தண்டனை வேணாம்னுதான சொல்லுவீங்கன்னு வாதாடலாம். இதுக்கு வகுப்புல நான் சொல்றது, அந்த விஷயம் யார் யார் மேல படுதோ அத்தனை பேருக்கும் கட்டம் போடு. காட்டாம காப்பி அடிக்காம ராத்திரி உக்காந்து படிச்சுட்டு வந்தவனுக்கும் ஒரு கட்டம் இருக்கு. அவன் இடத்துல நின்னு பாத்தா கணக்கு வேற மாதிரி வரும். ரெண்டாம் வகுப்புக்கு இது கொஞ்சம் அதிகம், நாலு அஞ்சாம் வகுப்புல வெச்சுக்கலாம்.

போன தடவை இந்தப் பாடம் எடுத்தப்போ, பென்சில் உடைச்ச அந்தப் பையனோட தம்பி என் வகுப்புல இருந்தான். அவன் நாலாவது கட்டத்துல ஜாடியும் வரைஞ்சான், தட்டும் வரைஞ்சான், நடுவுல ஒண்ணுமே இல்லாத ஒரு கிண்ணம் வேற. அது யாருக்குடான்னு கேட்டேன். "இன்னும் யாராச்சும் விருந்துக்கு வருவாங்கல்ல மிஸ், அவங்க வாய் எப்படி இருக்கும்னு தெரியாது. வந்த அப்புறம் பாத்துட்டு மாத்தி வரைஞ்சுக்கலாம்னு பென்சில்ல லேசா போட்டு வெச்சிருக்கேன்." நரிய நீலக் கலர்ல அடிச்சிருந்தான், ஆரஞ்சு க்ரேயான் தீந்துடுச்சாம்.